செம்பருத்தியில் குரங்கு முகம்: இது என்ன?

அம்மிச்சி66 | 2024 மே 3, காலை 8.40

கோவையில் வீட்டுக் கொல்லையில் இருக்கும் செம்பருத்தி. இலையின் மேல் அரிசியைவிடக் கொஞ்சம் சிறியதாக ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு கண், நடுவில் சப்பை மூக்கு, உப்பிய கன்னம். அச்சு அசல் குரங்கு முகம். அசையவில்லை. பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்திருக்கும் ஏழு வயதுப் பேரன்தான் கண்டுபிடித்தான். "அம்மிச்சி, இலை என்னைப் பாக்குது" என்று ஓடி வந்தான். படம் இணைத்திருக்கிறேன். மங்கலாகத்தான் இருக்கிறது. இது பூச்சியா, காயா, யாராவது ஒட்டிவிட்டுப் போன பொம்மையா?

மாடித்தோட்டக்காரன் | மே 3, காலை 9.15

படத்தின் ஓரத்தில் தெரிவது மாவுப்பூச்சி. லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது கரையும் அளவு சோப்புக் கரைசல், சாயங்காலம் அடியுங்கள். வாரம் ஒரு தடவை என்று மூன்று வாரம். போய்விடும்.

அம்மிச்சி66 | மே 3, காலை 9.30

என்ன அடிப்பது என்று நான் கேட்கவே இல்லையே. முகம் யாருடையது என்றுதான் கேட்டேன்.

பொறிவண்டு | மே 3, காலை 10.05

இது ஆஸ்திரேலியப் பொறிவண்டின் கூடு. மாவுப்பூச்சியைத் தின்கிற வண்டு. அதன் குஞ்சுப் புழுவும் வெள்ளையாக, மாவுப்பூச்சி மாதிரியே இருக்கும். எங்கள் திராட்சைத் தோட்டத்தில் காசு கொடுத்து வாங்கி விட்டிருக்கிறோம். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

வரப்போரம் | மே 3, மதியம் 1.20

கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுச் சொல்லலாமே அண்ணா. அந்த வண்டின் கூடு வெள்ளைப் பஞ்சுக்குள் கிடக்கும், இப்படி முகம் தெரியாது.

அம்மா, எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, ஆனால் இந்தப் படத்தை வைத்துச் சொல்ல மாட்டேன். மூன்று படம் வேண்டும். ஒன்று நேர் மேலிருந்து, பக்கத்தில் ஒரு அரிசி வைத்து. இன்னொன்று பக்கவாட்டில், இலையோடு எப்படி ஒட்டியிருக்கிறது என்று தெரியும்படி. மூன்றாவது, பக்கத்துக் கிளையில் வெள்ளையாக அப்பியிருக்கிறதே, அது. கூட்டைத் தொட வேண்டாம், இலையையும் பறிக்க வேண்டாம்.

அம்மிச்சி66 | மே 3, இரவு 9.10

மூன்று படம் எடுக்க மூன்று மணி நேரம் ஆனது.

போனைக் கிட்டே கொண்டுபோனால் பின்னால் இருக்கும் சுவர் பளிச்சென்று விழுகிறது, குரங்கு மட்டும் கலங்கிவிடுகிறது. இன்னும் கிட்டே போனால் எல்லாமே பால். நான் திட்டிக்கொண்டே எடுத்தேன், அவன் சிரித்துக்கொண்டே பார்த்தான். அரிசி வேறு காற்றில் உருண்டு விழுந்தது. ஐந்து அரிசி எறும்புக்குப் போனது.

கடைசியில் வழி கண்டுபிடித்தது அவன்தான். நான் பஞ்சாங்கம் பார்க்கிற பூதக்கண்ணாடியை எடுத்து வந்து போனின் கண்ணுக்கு முன்னால் பிடித்தான். நான் போனை அசைக்காமல் முன்னும் பின்னும் ஒரு விரற்கடை நகர்ந்தேன். ஒரு இடத்தில் சட்டென்று தெளிந்தது. அந்த இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பத்துப் படம். வெயில் நேராக விழுந்தால் கூடு வெளுத்துப் போகிறது என்று குடையை விரித்து நிழல் கட்டினோம். பக்கத்து வீட்டுக்காரம்மா மதிலுக்கு மேலே எட்டி, "ஏனுங்க, வெயில்ல செடிக்கா குடை புடிக்கிறீங்க?" என்று கேட்டார்.

அரிசியை ஒரு பொட்டு சோற்றுக் கஞ்சியால் இலையில் ஒட்டினோம். கூட்டின் நீளம் அரிசியில் முக்கால்வாசி, அகலம் அரிசியைவிட அதிகம். பின்பக்கம் மட்டும் இலையில் பிடித்திருக்கிறது. படங்கள் 2, 3, 4 பாருங்கள். வெள்ளை அப்பிய கிளை நான்காவது.

வரப்போரம் | மே 3, இரவு 10.45

படம் 2 போதும். சந்தேகம் தீர்ந்தது.

அது பட்டாம்பூச்சியின் கூடு. ஆங்கிலத்தில் ஏப்ஃபிளை என்பார்கள், குரங்கு முகம் இருப்பதால்தான் அந்தப் பெயர். அறிவியல் பெயர் ஸ்பால்ஜிஸ் எபியஸ். நீலன்கள் என்று நாங்கள் சொல்லும் சின்னப் பட்டாம்பூச்சிக் கூட்டத்தைச் சேர்ந்தது, ஆனால் இது நீலமாக இருக்காது.

பேரனிடம் முக்கியமான விஷயத்தைச் சொல்லுங்கள். மற்றப் பட்டாம்பூச்சிப் புழுக்கள் பெரும்பாலும் இலை தின்னும். இதன் புழு இலையைத் தொடாது. மாவுப்பூச்சியைத்தான் தின்னும், அதுவும் அதன் முட்டைப் பையில் தலையை விட்டுக்கொண்டு. அதனால்தான் கூடு மாவுப்பூச்சி இருக்கிற செடியிலேயே கிடைக்கிறது. தின்றது போதும் என்றானதும் புழு கூட்டத்தைவிட்டு விலகி வந்து, சுத்தமான இலையிலோ தண்டிலோ ஒட்டிக்கொண்டு கூடாகும். உங்கள் குரங்கு தனியாக இருந்ததற்கும் அதுதான் காரணம்.

மாடித்தோட்டக்காரன் | மே 3, இரவு 11.00

பட்டாம்பூச்சி கறி தின்னுமா? நம்புகிற மாதிரி இல்லையே.

அம்மிச்சி66 | மே 4, காலை 6.50

எனக்கும் நம்பிக்கை இல்லை. பேரனுக்கு வந்துவிட்டது, ராத்திரி கனவிலேயே பார்த்தானாம். அதற்கு அவன் "குட்டி அனுமார்" என்று பெயரும் வைத்துவிட்டான். இப்போது புழுவைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

அம்மிச்சி66 | மே 4, மாலை 5.30

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மாடித்தோட்டக்காரர் சொன்ன அதே வேப்பெண்ணெய்க் கரைசலை நான் ஏற்கெனவே ஒரு மாதமாக அடித்துக்கொண்டுதான் இருந்தேன். கடைசியாக அடித்தது ஏப்ரல் 24. பேரன் வந்த பிறகு நேரமில்லாமல் விட்டுவிட்டேன். விடாமல் அடித்திருந்தால் அனுமார் இருந்திருப்பாரா என்று நினைத்தால் ஒரு மாதிரி இருக்கிறது.

புழு இன்னும் கிடைக்கவில்லை. எல்லாமே வெள்ளையாக இருந்தால் எதைத் தேடுவது?

வரப்போரம் | மே 4, இரவு 8.15

சோப்புக் கரைசல் சின்ன உடம்புகளில் ஆள் பார்க்காது அம்மா. நல்லது கெட்டது என்று அதற்குத் தெரியாது.

புழுவைத் தேட ஒரு வழி. நிறத்தைப் பார்க்காதீர்கள், உருவத்தைப் பாருங்கள். மாவுப்பூச்சிகள் ஏறக்குறைய ஒரே அளவில், ஓரத்தில் சின்ன முடிகளோடு இருக்கும். நடுவில் எங்கேயாவது ஒரு மேடு மட்டும் இரண்டு மூன்று பங்கு பெரிதாக, நத்தை மாதிரி வழவழவென்று, மாவில் புரண்டெழுந்தது போல் இருக்கிறதா பாருங்கள். அந்த மேட்டையே பத்து நிமிடம் பார்த்தால் ஒரு நூல் நகரும்.

மதுரைக் கறிவேப்பிலை | மே 5, காலை 7.30

எங்கள் வீட்டுக் கறிவேப்பிலையிலும் இதேதான்! பச்சையாக, பாம்புத் தலை மாதிரி, தொட்டால் சிவப்பாக நாக்கை நீட்டுகிறது. இதுவும் குரங்குப் பூச்சியா? கடிக்குமா?

அம்மிச்சி66 | மே 5, காலை 8.00

அது வேறு. அதை நானே சொல்வேன். கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் வரும் பெரிய பட்டாம்பூச்சியின் புழு அது. நாக்கு இல்லை, கொம்பு. தலைக்குப் பின்னாலிருந்து வரும், ஒரு நாற்றம் அடிக்கும், கடிக்காது. இலையை மட்டும் மொட்டையாக்கிவிடும். ரசத்துக்கு நாலு இலை முன்கூட்டியே பறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மிச்சி66 | மே 6, காலை 11.20

கிடைத்துவிட்டது!! படம் 5, 6.

நான் கண்டுபிடித்த புழு (படம் 5) வெள்ளையாக, நீளநீளமாகப் பஞ்சு தொங்க, விறுவிறுவென்று ஓடியது. அவன் கண்டுபிடித்தது (படம் 6) மாவு பூசின சோம்பேறி. இருவரும் தத்தம் புழுதான் அனுமார் என்று சண்டை. யார் ஜெயித்தது?

அவனுடையதைக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் தலையே தெரியவில்லை. மாவுக்குள் அமுக்கி வைத்திருக்கிறது. கறுப்பு எறும்புகள் மாவுப்பூச்சியிடம் இனிப்பு குடிக்க வந்து போய்க்கொண்டிருக்கின்றன. வழியில் இதன் முதுகில் ஏறி இறங்குகின்றன, ஒன்றும் செய்யவில்லை. "அம்மிச்சி, எறும்புக்குக் கண்ணு தெரியாதா? திருடன் மேலயே நடந்து போகுது" என்கிறான்.

பொறிவண்டு | மே 6, மதியம் 12.10

படம் 5 என் வண்டு! நான் மே 3-லேயே சொன்னேன். புரட்டிப் பாருங்கள், ஆறு கால் இருக்கும்.

வரப்போரம் | மே 6, மதியம் 2.00

படம் 5 பொறிவண்டு அண்ணா சொன்னதேதான், ஒப்புக்கொள்கிறேன். படம் 6 பேரனுடைய அனுமார். முதல் நாள் கூட்டைத்தான் அவர் மாற்றிச் சொன்னார், செடியில் அந்த வண்டும் இருந்திருக்கிறது. ஒரே கிளையில் இரண்டு பேரும் ஒரே வேஷம் போட்டுக்கொண்டு ஒரே சாப்பாட்டைச் சாப்பிடுகிறார்கள். பஞ்சு தொங்க ஓடினால் வண்டின் குஞ்சு, ஒட்டிக்கொண்டு கிடந்தால் பட்டாம்பூச்சிப் புழு.

ஒருவர் வெளியூர், ஒருவர் உள்ளூர். வண்டு 1898-ல் காபித் தோட்டப் பூச்சிக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்டது. பட்டாம்பூச்சி யாரும் கொண்டுவராமலே நம் பக்கம் இருப்பது.

எறும்புக்குக் கண் ஓரளவு தெரியும் தம்பி, ஆனால் அது ஆளை அடையாளம் பார்ப்பது வாசனையை வைத்து. மாவுப்பூச்சியின் மெழுகைப் பூசிக்கொண்டிருக்கிறவன் அதற்கு மாவுப்பூச்சிதான்.

அம்மிச்சி66 | மே 6, இரவு 9.40

பொறிவண்டு ஐயாவிடம் தோற்கவில்லை, பேரனிடம்தான் தோற்றேன். ஒரு குச்சி ஐஸ் தண்டம்.

மாவுப்பூச்சி என்றதும் பழைய ஞாபகம் ஒன்று. 2009 வாக்கில் எங்கள் கொல்லையில் ஆறு பப்பாளி மரம் இருந்தது. ஆறும் வெள்ளை போர்த்திச் செத்தன. பட்டுப்பூச்சி வளர்த்த சொந்தக்காரர் மல்பெரியை வேரோடு பிடுங்கினார். மரவள்ளியும் போனது. எதை அடித்தாலும் நிற்கவில்லை. அப்புறம் பல்கலைக்கழகத்தில் ஏதோ வண்டு வளர்த்து ஊரெல்லாம் கொடுத்தார்கள், அடங்கிவிட்டது.

வரப்போரம் | மே 7, காலை 7.10

அம்மா, வண்டு இல்லை, குளவி. கடுகைவிடச் சின்னக் குளவி. அந்தப் பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதலில் தென்பட்டதே உங்கள் கோவையில்தான், 2008-ல். மெக்சிகோ பக்கத்துப் பூச்சி, இங்கே அதற்கு எதிரி இல்லை. 2010-ல் புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகளைக் கொண்டுவந்தார்கள். அதில் அசெரோஃபேகஸ் என்ற ஒன்று நன்றாக வேலை செய்தது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும், குஞ்சு உள்ளிருந்தே தின்றுவிடும்.

அந்தச் சமயத்தில் பப்பாளி மரங்களில் நம் குரங்கு முகக் கூட்டையும் பார்த்தவர்கள் உண்டு. ஆனால் அவ்வளவு பெரிய படையை ஒரு பட்டாம்பூச்சி தனியாகச் சமாளிக்க முடியாது.

மாடித்தோட்டக்காரன் | மே 7, காலை 9.00

அப்படியென்றால் நான் இத்தனை நாள் அடித்ததெல்லாம் வீணா? என் மிளகாயில் பத்துத் தொட்டி காலி. அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு பட்டாம்பூச்சிக்குக் காத்திருக்கச் சொல்கிறீர்களா?

வரப்போரம் | மே 7, காலை 10.30

இல்லை. மிளகாய் உங்கள் சாப்பாடு, செம்பருத்தி அம்மாவின் பொழுதுபோக்கு. ரொம்ப அப்பிய நுனிகளை மட்டும் வெட்டி ஒரு பையில் கட்டிவிடுங்கள், தண்டில் எறும்பு ஏறாமல் பாருங்கள். எறும்பு காவல் நின்றால் வண்டும் குளவியும் நெருங்க முடியாது. அதற்கும் அடங்காவிட்டால் அடியுங்கள். ஆனால் அடிக்கும் முன் அந்தக் கிளையை ஒரு தடவை கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

அம்மிச்சி66 | மே 8, காலை 7.00

ஒரு கெட்ட செய்தி. முதல் அனுமாருக்கு முதுகில் ஊசி குத்தினாற்போல ஒரு ஓட்டை. உள்ளே காலி. படம் 7. ராத்திரியில் நடந்திருக்கிறது. பட்டாம்பூச்சி வெளியே போயிருந்தால் முகமே பிளந்து கிடக்கும்தானே? பேரன் பேசவில்லை. காலை இட்லியும் தொடவில்லை.

வரப்போரம் | மே 8, காலை 9.20

பட்டாம்பூச்சி வந்திருந்தால் தலைப்பக்கம் விரிந்து திறந்திருக்கும். உருண்டையான சின்ன ஓட்டை என்றால் பெரும்பாலும் உள்ளிருந்து வந்த ஒட்டுண்ணிக் குளவி. எந்தக் குளவி என்று என்னால் சொல்ல முடியாது, வெளியே வந்ததைப் பிடித்திருந்தால் பார்க்கலாம்.

பொறிவண்டு | மே 8, காலை 9.45

சிலந்தி குத்தி உறிஞ்சியிருக்கலாம்.

அம்மிச்சி66 | மே 8, இரவு 8.30

குளவியா சிலந்தியா என்பது அப்படியே நிற்கட்டும். நான் சொல்ல மறந்தது ஒன்று இருக்கிறது. படம் 6-இல் இருக்கும் சோம்பேறிப் புழுவை மே 6 அன்றே மாவுப்பூச்சி அப்பிய கிளைத் துண்டோடு ஊறுகாய் பாட்டிலில் போட்டு, வாயில் பழைய நூல் சேலைத் துண்டைக் கட்டி வைத்திருந்தோம். கண்ணில் படாமல் சமையல்கட்டு அலமாரியில் இருந்தது. (மேலே "தொட வேண்டாம்" என்றது கூட்டைத்தானே, புழுவை இல்லையே.) இன்று மாலை பார்த்தால் அது தண்டின் மேல் ஏறி முகம் காட்டிவிட்டது! இன்றைக்குக் காலண்டரில் பெரிதாக ஒரு வட்டம். பேரன் இட்லி, தோசை இரண்டும் சாப்பிட்டான்.

வரப்போரம் | மே 9, காலை 6.40

அருமை. பாட்டிலை வெயிலில் வைக்காதீர்கள். கிளை காய்ந்தால் கவலை வேண்டாம், கூட்டுக்குச் சாப்பாடு தேவையில்லை. பட்டாம்பூச்சி வெளியே வந்ததும் ஏறி நின்று சிறகை விரிக்க ஒரு சொரசொரப்பான குச்சி வையுங்கள். வழவழக் கண்ணாடியில் வழுக்கி விழுந்தால் சிறகு மடங்கியே காய்ந்துவிடும். ஒன்பது, பத்து நாள் ஆகலாம். முதல் நாள் கூடு கறுத்துக் காட்டும்.

மதுரைக் கறிவேப்பிலை | மே 10, மாலை 4.15

எதிரிகளைப் பயமுறுத்தத்தான் கூட்டுக்குக் குரங்கு முகம் என்று ஒரு இடத்தில் படித்தேன். உண்மையா?

அம்மிச்சி66 | மே 10, மாலை 4.40

அரிசி அளவுக் குரங்கைப் பார்த்து எந்தக் காக்கை பயப்படும்?

வரப்போரம் | மே 10, இரவு 9.00

அம்மா கேட்டது சரியான கேள்வி. பறவை எச்சம் மாதிரித் தெரிவதற்காக என்று சொல்பவர்களும் உண்டு. சோதித்துக் காட்டியதாக நான் எங்கும் பார்க்கவில்லை. எனக்கென்னவோ முகம் நம் கண்ணில்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது. மேடும் பள்ளமும் நிழலும் சேர்ந்தால் நமக்குச் சுவர்க் கறையிலும் முகம் தெரியும்.

பொறிவண்டு | மே 10, இரவு 9.20

அப்படியே விட்டுவிட முடியாது. இவ்வளவு அச்சாக அமைந்ததற்கு ஒரு காரணம் இருந்தே ஆக வேண்டும்.

அம்மிச்சி66 | மே 14, இரவு 10.00

பேரனை இன்று ரயிலேற்றிவிட்டேன். ஆறு நாள்தான் ஆகியிருக்கிறது, கூடு கறுக்கவில்லை. பாட்டிலைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று அழுதான். ரயில் குலுங்கினால் அனுமார் விழுந்துவிடுவார் என்று சமாளித்தேன். வெளியே வரும்போது வீடியோ எடுத்து அனுப்புவதாகச் சத்தியம் வாங்கிக்கொண்டு போனான். காலையில் நாலரைக்கே எழுந்து பாட்டிலைப் பார்க்க வேண்டுமாம்.

அம்மிச்சி66 | மே 17, காலை 8.10

நேற்றே கறுத்துவிட்டது. இன்று காலை ஆறே காலுக்கு முகம் பிளந்தது. நெற்றிப் பக்கம் மூடி மாதிரித் திறந்து, நசுங்கின துணி போல ஒன்று வெளியே வந்து, குச்சியில் ஏறி நின்றது. சிறகு நனைந்த காகிதம் மாதிரி தொங்கி, மெதுவாக நிமிர்ந்தது. மே 8-லிருந்து ஒன்பது நாள்.

வீடியோ பாதியில் நின்றுவிட்டது. போனில் இடமில்லையாம். செம்பருத்திப் படங்களே முந்நூற்றுச் சொச்சம் இருக்கிறது. சிறகு நிமிர்ந்த பாதி கிடைக்கவில்லை. கடைசி இரண்டு படம் மட்டும் (8, 9).

ஒரு ரூபாய் நாணயம் அளவுகூட இல்லை. மேலே பழுப்பு, முன்சிறகில் ஒரு வெள்ளைத் திட்டு. சிறகை மூடினால் சாம்பல் நிறம், அதில் பென்சிலால் இழைத்தது போல மெல்லிய வளைகோடுகள். சேலைத் துண்டை அவிழ்த்ததும் செம்பருத்திக்குப் போகவில்லை, நேராக மதில் தாண்டிப் போய்விட்டது.

வரப்போரம் | மே 17, காலை 9.00

அதுவேதான். வெள்ளைத் திட்டு தெளிவாகத் தெரிகிறது. ஒன்பது நாள் கணக்கையும் குறித்துக்கொண்டேன்.

அம்மிச்சி66 | மே 17, இரவு 9.30

பேரனுக்குப் படம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா அம்மிச்சி? குரங்கே நல்லா இருந்துச்சு" என்றான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, அவனிடம் சொல்லவில்லை.

மாடித்தோட்டக்காரன் | மே 19, காலை 7.45

மிளகாய்க்கு அடிக்கும் முன் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். படம் 5 மாதிரி மூன்று ஓடுகிறது. ஒரு தொட்டியை மட்டும் அடிக்காமல் விட்டிருக்கிறேன். ஒன்றுதான். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

அம்மிச்சி66 | மே 21, மாலை 6.00

செம்பருத்தியில் வெள்ளை இன்னும் இருக்கிறது, இரண்டு நுனியை மட்டும் வெட்டினேன். தோட்டவேலைக்கு வரும் பையன் தெரியாமல் மருந்து அடித்துவிடக் கூடாதே என்று, புழு இருக்கும் கிளையில் சிவப்புக் கயிறு கட்டி வைத்தேன். பக்கத்து வீட்டுக்காரம்மா அதையும் பார்த்துவிட்டு, "என்ன வேண்டுதலுங்க?" என்று கேட்டார். அனுமாருக்கு என்று சொல்லிவிட்டேன். இன்று காலை கிளைக்கடியில் யாரோ இரண்டு வெற்றிலை வைத்திருக்கிறார்கள்.